அவர் ஏன் உமிழ்நீரைத் துப்பினார்

வன்னியில் ஒருவர் சாப்பிட மறுத்தால் நாங்கள் முதலில் பார்ப்பது அவருடைய மனசைத்தான். 2009க்குப் பிறகு இங்கே வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கோப்பையில் கைவைத்தபடி இருப்பதையும், திரும்பி வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் மனைவி இரண்டு வாயோடு எழும்பிவிடுவதையும் எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். 'சோறு இறங்குதில்லை' என்று ஒருவர் சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை. பக்கத்தில் போய் இருப்பார்கள், அவ்வளவுதான். அந்த வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விழுங்கல் சிகிச்சை செய்கிற எனக்கு அதனாலேயே ஒரு விஷயம் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. உண்மையாகவே தொண்டை வேலை செய்யாத ஒருவரையும் நாங்கள் மனம் உடைந்தவர் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம். அவர் வாயால் நன்றாகச் சாப்பிடுவதுபோலத் தெரிந்தால் இன்னும் உறுதியாக நம்பிவிடுகிறோம்.

புதுக்குடியிருப்புப் பக்கத்து விவசாயி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர். ஒருநாள் விடியப்புறம் வயலுக்குப் போக எழும்பியவருக்குத் தலை சுற்றி, வாந்தி வந்து, நிற்க முடியாமல் இடப்பக்கமாகச் சரிந்துவிட்டார். அதோடு விக்கல். குரல் கரகரத்துப் போயிருந்தது. ஆனால் கை கால் இரண்டு பக்கமும் நல்ல பலம். அதனால் வீட்டில் யாருக்கும் இது பாரிசவாதமாக இருக்கும் என்று தோன்றவில்லை. முதல் எடுத்த சீ.ரி. ஸ்கானிலும் ஒன்றும் பிடிபடவில்லை. மூளைத்தண்டில் வரும் சின்ன அடைப்பு தொடக்க நாட்களில் சீ.ரி.யில் தெரியாமல் போவது வழக்கம்தான். இடப்பக்க முகத்தில் சூடு குளிர் தெரியவில்லை, உடம்பிலோ வலப்பக்கம் தெரியவில்லை, இடக்கண் இமை சற்று இறங்கியிருந்தது. இவற்றை வைத்து வைத்தியர் இடத்தைச் சரியாகச் சொன்னார்: மூளைத்தண்டின் அடிப்பகுதியான நீள்வளைய மையவிழையத்தின் இடப்பக்க ஓரம்.

நான் போனபோது ஐயா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கப். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதில் துப்பினார். மகன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார், "அப்பா மனம் விட்டிட்டார் மிஸ். சோத்தை வாயில வச்சு நல்லா மெல்லுறார், பிறகு துப்பிப்போடுவார். சொந்தத் துப்பலைக்கூட விழுங்க மாட்டன் எண்டு நிக்கிறார். போன வருசம் தம்பியார் செத்ததில இருந்தே ஒருமாதிரித்தான்." மனைவியும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அந்தக் கப்பை அவர்கள் பிடிவாதத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள். எனக்கோ அது அந்த வார்ட்டில் இருந்த மிக முக்கியமான தகவலாகத் தெரிந்தது.

ஒருவருக்கு ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லீற்றர் உமிழ்நீர் சுரக்கிறது. அதை நாங்கள் நினைக்காமலே, தூக்கத்தில்கூட, பல நூறு தடவை விழுங்கிவிடுகிறோம். கவலையில் இருக்கிறவர் சோற்றை ஒதுக்குவார். ஆனால் உமிழ்நீரை அவர் விழுங்கிக்கொண்டேதான் இருப்பார், ஏனென்றால் அதற்கு மனசின் சம்மதம் தேவையில்லை. உமிழ்நீரைத் துப்புகிறவருக்கு அது கீழே போகவில்லை என்று அர்த்தம்.

வாய் முடிக்கிற இடத்தில் தொண்டை தொடங்குகிறது

விழுங்குவதில் எங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது வாய்க்குள் நடக்கிற பகுதி மட்டும். மெல்லுகிற தசைகளை ஐந்தாம் மண்டையோட்டு நரம்பு இயக்குகிறது. உதட்டை மூடி, கன்னத்தை இறுக்கி, உணவு ஒதுங்காமல் பார்ப்பது ஏழாம் நரம்பு. நாக்கைப் புரட்டி, உணவை ஒன்றுசேர்த்து உருண்டையாக்கிப் பின்னுக்குத் தள்ளுவது பன்னிரண்டாம் நரம்பு. இந்தக் கட்டத்தில் நினைத்தால் நிறுத்தலாம், துப்பலாம், இன்னும் கொஞ்ச நேரம் மெல்லலாம். அந்த உருண்டை நாக்கின் அடியைத் தாண்டியதும் அதிகாரம் கைமாறிவிடுகிறது. அந்த இடத்தின் உணர்ச்சியை ஒன்பதாம் நரம்பும், பத்தாம் நரம்பான வேகஸின் மேல் குரல்வளைக் கிளையும் நீள்வளைய மையவிழையத்துக்குக் கொண்டுபோகின்றன. அங்குள்ள நரம்புக்கலங்களின் கூட்டம் ஒன்று, என்ன வரிசையில் எந்தத் தசை இயங்க வேண்டும் என்பதை ஏற்கெனவே வைத்திருக்கிறது. தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்த முடியாது.

அந்த இரண்டாம் கட்டம் முழுவதும் ஏறத்தாழ ஒரு விநாடியில் முடிந்துவிடுகிறது. மெல்லண்ணம் மேலே எழும்பி மூக்கின் வழியை அடைக்கிறது. மூச்சு நிற்கிறது. குரல்நாண்கள் நெருங்கிப் பூட்டிக்கொள்கின்றன. நாடிக்கு அடியில் உள்ள தசைகள் நாவடி எலும்பையும் அதோடு சேர்ந்த குரல்வளையையும் மேலேயும் முன்னுக்கும் இழுக்கின்றன. குரல்வளை மூடி பின்னுக்குச் சாய்கிறது. நாக்கின் அடி பின்னால் வந்து உணவை அழுத்த, தொண்டையின் பின்சுவரில் ஒன்றன்மேல் ஒன்று தழுவிக் கிடக்கும் மேல், நடு, கீழ் இறுக்கு தசைகள் மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்குகின்றன. இந்த மூன்றையும் இயக்குவது வேகஸ்தான். தொண்டையை மேலே தூக்கும் தசைகளில் ஸ்ரைலோபரிஞ்சியஸ் என்கிற ஒன்று மட்டும் ஒன்பதாம் நரம்பில் ஓடுகிறது. அந்த நரம்பு இயக்கும் தசை உடம்பிலேயே அது ஒன்றுதான்.

கடைசியாக வருவது தொண்டைக்கும் உணவுக்குழாயான களத்துக்கும் நடுவில் உள்ள வளையத் தசை, கிரைகோபரிஞ்சியஸ். இது மற்றத் தசைகளுக்கு எதிர்மாறானது. சும்மா இருக்கும்போது இறுக்கமாக மூடியிருக்கும், விழுங்கும்போதுதான் தளரும். அது தளர்ந்தால் மட்டும் போதாது. குரல்வளை முன்னுக்கு இழுபடும்போது அந்த வளையத்தின் முன்சுவரும் சேர்ந்து இழுபட்டு வாசல் விரிய வேண்டும். மேலிருந்து வரும் உணவின் அழுத்தமும் அதைத் தள்ளித் திறக்க வேண்டும். தளர்தல், இழுபடுதல், தள்ளுதல் மூன்றும் ஒரே கணத்தில் பொருந்த வேண்டும். இதை ஐயாவுக்கு விளங்கப்படுத்தியபோது அவர் கரகரத்த குரலில் கேட்டார், "அப்ப குளத்தில தண்ணி நிக்குது, துருசு திறக்கேல்லை எண்டு சொல்லுறியளோ பிள்ளை?" அதைவிடச் சரியாக நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்றாம் கட்டம் களத்தில். அலைபோலச் சுருங்கிச் சுருங்கி எட்டுப் பத்து விநாடியில் உணவை இரைப்பைக்குக் கொண்டுபோய்விடும். ஐயாவுக்கு அங்கே பிரச்சினை இல்லை. அவர் கழுத்தைத் தொட்டு 'இதிலதான் நிக்குது' என்று காட்டினார். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, நெஞ்சுக்குள் அடைப்பு இருப்பவர்களும் கழுத்தைத்தான் காட்டுவதுண்டு. எப்போது நிற்கிறது என்று கேட்டால் கொஞ்சம் தெளியும். விழுங்கிச் சில விநாடி கழித்துத் தடைப்பட்டால் களத்தைச் சந்தேகிக்கலாம். விழுங்கும்போதே நின்று, இருமலோ மூக்கால் ஒழுகுவதோ சேர்ந்து வந்தால் தொண்டை. ஐயாவுக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது என்று மனைவி பிறகு சொன்னார். வெட்கமான விஷயம் என்று நினைத்து அதுவரை யாரிடமும் சொல்லவில்லையாம்.

மெல்லுகிறார், ஆனால் விழுங்கவில்லை

இந்த நோயில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அதன் எல்லைக்கோடு. நாக்கை இயக்கும் பன்னிரண்டாம் நரம்பின் மையம் நீள்வளைய மையவிழையத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெல்லுவதற்கும் உதட்டுக்கும் உரிய மையங்கள் அதற்கு மேலே. வேகஸின் தொண்டை, குரல்வளைத் தசைகளுக்கான மையம் மட்டும் ஓரமாக, இவருக்கு அடைப்பு வந்த அதே பகுதியில் இருக்கிறது. ஆகவே முதலாம் கட்டம் முழுமையாகத் தப்பி, இரண்டாம் கட்டம் மட்டும் உடைந்துபோகிறது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஆரோக்கியமான ஒரு மனிதர் நன்றாக மென்று, பிறகு வேண்டுமென்றே துப்புவதுபோல இருக்கும். மகன் கண்டதில் பொய் இல்லை. அவர் கண்டது வாயைத்தான்.

இன்னொன்று. அடைப்பு ஒரு பக்கம்தானே, மற்றப் பக்கம் சமாளிக்காதா? மூளையின் மேற்பகுதியில் ஒரு பக்கம் அடைத்தால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. மறுபக்கம் பொறுப்பெடுத்து, பலருக்குச் சில வாரங்களில் விழுங்கல் திரும்பிவிடுகிறது. ஆனால் மூளைத்தண்டில் இருப்பது வரிசையை வகுக்கும் இடம். இடதும் வலதும் ஒன்றோடொன்று பேசித்தான் அந்த ஒரு விநாடியை நடத்துகின்றன. ஒரு பக்கம் ஊமையானால் தொடக்கத்தில் இரண்டு பக்கமுமே தடுமாறும். அதனால்தான் கை கால் முழுப் பலத்தோடு இருக்கிற மனிதரால் ஒரு தேக்கரண்டி தண்ணீரை இறக்க முடியவில்லை.

நான் அவரை 'ஆ' சொல்லச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தேன். மெல்லண்ணத்தின் வலப்பக்கம் எழும்பியது, இடப்பக்கம் தொங்கிக்கொண்டே இருந்தது, உள்நாக்கு வலப்பக்கம் இழுபட்டது. தொண்டையின் பின்சுவரும் திரைச்சீலையை ஒருபக்கம் இழுத்ததுபோல வலதுக்கு நகர்ந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன், நேராக வந்தது. பலவீனமான பக்கம் இடது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. தொண்டையைக் குச்சியால் தொட்டு ஓங்காளம் வருகிறதா என்று பார்க்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதனால் விழுங்கலைப் பற்றி ஒன்றும் தெரியவராது. ஓங்காளம் இல்லாமலே நன்றாக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஓங்காளம் நன்றாக இருந்தும் நுரையீரலுக்குள் தண்ணீரை விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு வாயைத் துப்புரவாகக் கழுவிவிட்டு ஐந்து மில்லிலீற்றர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி. என் சுட்டுவிரல் நாடிக்குக் கீழ், நடுவிரல் நாவடி எலும்பில், மற்ற இரண்டும் குரல்வளையின் மேலும் கீழும். சாதாரணமாக விழுங்கும்போது குரல்வளை விரலுக்கடியில் ஒரு துள்ளலாக மேலே போய் இறங்கும். அவருக்கு நாக்கு தள்ளியது விரலில் தெரிந்தது. குரல்வளை பாதி எழும்பி விழுந்தது, திரும்பவும் பாதி, திரும்பவும். பல தடவை முயன்று கடைசியில் கப்பை எடுத்தார். துப்புவதற்கு முன் 'ஆ' சொல்லுங்கோ என்றேன். தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் கொரகொரவென்று குரல் வந்தது. குரல்நாணுக்கு மேலே ஈரம் நிற்கிறது என்பதற்கு அந்தச் சத்தம் சாட்சி. இருமல் வந்தது, ஆனால் கொஞ்சம் பிந்தி, பலமில்லாமல். இடக் குரல்நாண் மூடாததால் காற்றை அடைத்து வெடிக்க அவரால் முடியவில்லை.

பக்கத்தில் நின்ற மனைவி அப்போது சொன்னதுதான் என்னை அதிகம் பயப்படுத்தியது. "வீட்ட இருமேல்லை பிள்ளை. இருமாமத்தான் குடிச்சவர், அதுதான் நாங்கள் யோசிக்கேல்லை." குரல்வளை வாசலில் எது விழுந்தாலும் இருமலைக் கிளப்புவது வேகஸின் அதே மேல் குரல்வளைக் கிளை. அந்த உணர்ச்சி போய்ச் சேரும் இடமும் அடிபட்ட பகுதிக்குள்தான் இருக்கிறது. உணர்ச்சி மங்கினால் தண்ணீர் மூச்சுக்குழாயான வாதனாளிக்குள் போகும், முகம் மாறாது, இருமல் வராது. புரையேறினால் உச்சியில் தட்டி 'ஆரோ நினைக்கினம்' என்கிற வீடுகளில் புரையேறாதது நல்ல சகுனமாகத் தெரிவது இயல்பு. இந்த நோயாளியிடத்தில் அது நல்ல சகுனமே இல்லை. சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாவது, மூச்சு வேகமாவது, பின்னேரத்தில் காய்ச்சல் எட்டிப்பார்ப்பது, இவற்றைத்தான் தேட வேண்டும். நுரையீரலின் அடிப்பகுதியில் சளிச் சத்தம் கேட்கிறதா என்று வைத்தியரும் பார்க்க வேண்டும்.

தலையைத் திருப்பியபோது

வீட்டில் ஒரு நல்ல எண்ணத்தோடு அவருக்கு எல்லாவற்றையும் அரிசிமா போட்டுத் தடிப்பாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். பாரிசவாதக்காரருக்குத் தண்ணீர் ஆபத்து, தடிப்பான உணவு பாதுகாப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பலருக்கு அது சரி. மூளையின் மேற்பகுதியில் அடிபட்டு, விழுங்கல் தொடங்கப் பிந்துகிறவருக்குத் தண்ணீர் அவசரமாக ஓடிவிடும். தடிப்பானது மெதுவாக வந்து தொண்டைக்கு நேரம் கொடுக்கும். இவருக்குப் பிரச்சினை வேறு. அமத்தித் தள்ளும் தசை ஒருபக்கம் செத்துக்கிடக்கிறது, கீழ் வாசலும் விரியவில்லை. தடிப்பான களி அந்த வாசலுக்கு மேலே, குரல்வளையின் இரண்டு ஓரத்துக் குழிகளில் தங்கும். விழுங்கி முடித்து மூச்சை இழுக்கும்போது அது வழிந்து உள்ளே இறங்கும். இவரைப் போன்றவருக்கு ஒடுங்கிய வாசலால் நீர்த்தது போகும் அளவுக்குத் தடிப்பானது போகாது. இன்னொரு விஷயமும் உண்டு. அரிசிமா, சோளமா போன்ற மாச்சத்தால் தடிப்பாக்கியது உமிழ்நீர் பட்டதும் இளகிவிடும். கோப்பையில் இருந்த தடிப்பு வாய்க்குள் இருக்கும் என்று நம்ப முடியாது.

அன்றைக்கு நான் செய்தது ஒன்றுதான். தலையை முழுவதும் இடப்பக்கம் திருப்பி, நாடி தோளுக்கு நேராக வரும்வரை வைத்துக்கொண்டு, திரும்பவும் அதே ஒரு தேக்கரண்டி தண்ணீர். பலவீனமான பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்து வழி நசுங்கி மூடிக்கொள்ளும், தண்ணீர் நல்ல தசை இருக்கிற வலப்பக்கத்தால் போகும். கீழ் வாசலின் இறுக்கமும் அந்த நிலையில் குறையும். பலமான பக்கம்தான் திரும்ப வேண்டும் என்று உறவினர்கள் நினைப்பதுண்டு, அது நேர்மாறு. ஐயா விழுங்கினார். குரல்வளை விரலுக்கடியில் எழும்பி, ஒரு கணம் நின்று, இறங்கியது. இரண்டாந்தரமும் ஒரு விழுங்கல். 'ஆ' சொன்னார். பழைய கரகரப்பு இருந்தது, ஈரம் இல்லை. அவர் கப்பைத் தேடவில்லை. மகன் என்னைப் பார்த்துக் கேட்டார், "அப்ப அப்பா பிடிவாதம் பிடிக்கேல்லையோ?"

ஒரு தேக்கரண்டி இறங்கியதால் சோறு இறங்கும் என்று ஆகாது. கை விரலும் காதும் கொண்டு செய்கிற சோதனைக்கு எல்லை உண்டு, சத்தமில்லாமல் உள்ளே போவதை அதனால் பிடிக்க முடியாது. எக்ஸ்ரே படமாக ஓடவிட்டு விழுங்கலைப் பார்க்கிற வசதி நான் வேலை செய்கிற இடத்தில் இல்லை. ஆகவே வைத்தியரோடு பேசி, சாப்பாடும் மருந்தும் மூக்குக் குழாயால் என்று முடிவாகியது. மனைவி அழுதார். குழாய் போட்டால் ஆள் முடிந்த மாதிரி என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. தொண்டை பழகும்வரை உடம்பு பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் குழாய் என்று அவருக்குச் சொன்னேன். பயிற்சிக்கு வாய் கழுவிய பின் தேக்கரண்டி தேக்கரண்டியாகத் தண்ணீர், தலை இடது பக்கம், ஒவ்வொன்றுக்கும் பிறகு 'ஆ'. குரல் ஈரமானால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். அதோடு, குரல்வளை எழும்பியதும் அதை இரண்டு மூன்று விநாடி மேலேயே பிடித்துவைக்கப் பழக்கினேன். இழுபடும் நேரம் கூடினால் வாசல் திறந்திருக்கும் நேரமும் கூடும். வயலில் பழகிய உடம்பு, சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரங்களில் நான் முதலில் பார்த்தது கப்பைத்தான். அதில் உமிழ்நீர் குறையக் குறைய அடுத்த படிக்குப் போனோம். தயிர் நன்றாக அடித்து நீர்ப்பாக்கியது, பிறகு சொதித் தண்ணி, பிறகு மசித்த சோறு. இந்த இடத்து அடைப்பு வந்தவர்களில் பலர் சில வாரங்களிலோ மாதங்களிலோ வாயால் சாப்பிடத் திரும்புகிறார்கள். சிலருக்கு அது நடப்பதில்லை, இரைப்பைக்கே நேராகக் குழாய் வைக்க வேண்டி வருகிறது. ஐயாவுக்குக் குழாய் எடுத்தாகிவிட்டது. இப்போதும் தலையை இடது பக்கம் திருப்பித்தான் விழுங்குகிறார்.

அரிசிக்கஞ்சியை நான் இன்னும் அனுமதிக்கவில்லை. நோயாளிக்கு முதலில் கொடுப்பது அதுவாக இருந்தாலும், தண்ணீரும் சோற்றுப் பருக்கையும் இரண்டு வேகத்தில் போவதால் இந்தத் தொண்டைக்கு அது மிகக் கடினமான உணவு. வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் முந்தி இறங்கிவிடும். பருக்கை தெரியாமல் அரைத்து வடித்தால் சரி. பிட்டும் இல்லை, உதிர்ந்த துணிக்கைகள் ஒன்றுசேராமல் அந்த ஓரத்துக் குழிகளில் தங்கும். போன தடவை போனபோது ஐயா நேரடியாகக் கேட்டார், "பிட்டு எப்ப பிள்ளை?" இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து மசித்து இரண்டு கிழமைக்குக் குரல் ஈரமாகாமல் சாப்பிட்டுக் காட்டுங்கோ, பிறகு பேசுவம் என்றேன்.